முன்கூட்டியே நன்றி

"அப்போ அடுத்த மழைக்கும் நாங்கதான் தங்கணுமா மேடம்?"

எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணன் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கையில் அலுவலக லெட்டர்ஹெட்டில் அச்சான நன்றிக் கடிதம். அதைத் தமிழில் எழுதியவள் நான்.

2023 டிசம்பர் 4 அன்று பள்ளிக்கரணைப் பக்கம் எப்படி இருந்தது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிக்ஜாம் புயல் ஓய்ந்து பத்து நாள் கழித்து, ஆங்கிலத்தில் மூன்று வரி கொடுத்து, ஒப்பந்தப் பணியாளர்களுக்குத் தமிழில் வேண்டும் என்றார்கள். நான் எழுதிக் கொடுத்தது இது:

"கடினமான நேரத்தில் உங்கள் மதிப்புமிக்க பங்களிப்பை நாங்கள் உண்மையாகப் பாராட்டுகிறோம். உங்கள் அர்ப்பணிப்பு இதைச் சாத்தியமாக்கியது. உங்கள் தொடர்ந்த ஒத்துழைப்புக்கு முன்கூட்டியே நன்றி."

எழுத்துப்பிழை இல்லை. இலக்கணப் பிழையும் இல்லை. அண்ணன் கேட்ட பிறகுதான் அந்தக் கடைசி வரியை அவர் கண்ணால் படித்தேன். ஆங்கிலக் கடிதத்தில் அது வெறும் மரியாதை முடிப்பு. தமிழில் நன்றி என்பது நடந்து முடிந்த காரியத்துக்கு. "காலத்தினால் செய்த நன்றி" என்ற குறளில் நன்றி என்பதே செய்த உதவியைத்தான் குறிக்கிறது. செய்யாததற்கு முன்னாலேயே நன்றி சொன்னால், செய்தே ஆக வேண்டும் என்று கையைக் கட்டுவது போல ஆகிவிடும். அவர் சரியாகத்தான் புரிந்துகொண்டார். சக ஊழியருக்கு மெயில் அனுப்பும்போதுகூட "செவ்வாய்க்குள் அனுப்பினால் உதவியாக இருக்கும்" என்று கேட்டுவிட்டு, வந்து சேர்ந்த பிறகு நன்றி சொன்னால் போதும். அந்த "உதவியாக இருக்கும்" என்பதிலேயே பணிவு இருக்கிறது.

முதல் வரி இன்னும் உறுத்துகிறது. பாராட்டு மேலிருந்து கீழே வருவது. ஆசிரியர் மாணவனைப் பாராட்டுவார். என்னைவிட முப்பது வயது மூத்தவரை, வீட்டுக்குப் போகாமல் இரண்டு இரவு பம்ப் பக்கத்திலேயே கிடந்தவரை, நான் பாராட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரியில் அவரே இல்லை. வேலையைச் செய்தது "அர்ப்பணிப்பு".

அரை மணி நேரம்தான் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடுபவர் ஆங்கில மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பார். வேறு மாதிரி எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். இப்படியெல்லாம் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் வேறு மாதிரி எழுதிப் பார்க்கவே இல்லை என்பதும் உண்மை.

அன்று இரவு வீட்டில் உட்கார்ந்து மறுபடி எழுதினேன்: "கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறும் முன்பே மெயினை அணைத்தீர்கள். இரண்டு இரவு வீட்டுக்குப் போகாமல் தண்ணீரை வெளியேற்றினீர்கள். அதனால்தான் பேனல் தப்பியது. அதே நேரம் உங்கள் வீட்டிலும் தண்ணீர் புகுந்திருந்தது. இதை மறக்க மாட்டோம். கூடவே நின்றதற்கு மிக்க நன்றி." முழுக்க அவர் செய்ததுதான். செய்ததைச் சொல்லி முடித்தபோது, நன்றி என்ற சொல் கடைசியில் தானாக வந்து உட்கார்ந்தது.

யோசித்தால், 6ஆம் தேதி காலையிலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேனோ என்றும் தோன்றுகிறது. டீ வாங்கிக் கொடுத்து, "வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களாண்ணா?" என்றேன். "முழங்கால் தண்ணிம்மா. பசங்க மாடி வீட்ல இருக்காங்க" என்றார். நன்றி என்ற சொல்லே அங்கே வரவில்லை. அன்று "ம்மா" என்றவர் கடிதம் வந்த நாளிலிருந்து "மேடம்" என்கிறார். கடிதம்தான் காரணமா, நானாகக் கோத்துக்கொள்கிறேனா என்று தெரியவில்லை.

புதிதாக எழுதியதை அவரிடம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். "நல்லா இருக்கு மேடம். ஆனா அதுலதான சீல் இருக்கு" என்றார். அடுத்த வேலைக்குப் போனால் காட்டலாம் என்று பழையதை லேமினேட் பண்ணக் கொடுத்திருந்தாராம். கடையில் ஓரம் கருகிவிட்டது, இன்னொரு காப்பி கிடைக்குமா என்று கேட்டார். அதே கடிதம்தான் வேண்டும் என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். அந்தக் கடைசி வரியை மட்டும் நீக்கிவிட்டு, கையெழுத்தும் சீலும் வாங்கினேன். அவர் விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்து அடியில் நிறுத்தினார்.

"நன்றின்னு ஒரு வரி இருந்துச்சே மேடம்?"

மொத்தக் கடிதத்திலும் அந்தச் சொல் இருந்தது அந்த ஒரு வரியில் மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அது வேண்டாம்ணா" என்று மட்டும் என் வாயில் வந்தது. ஏன் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவர் அதை மடிக்காமல் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு, "சரிங்க மேடம்" என்று கிளம்பிவிட்டார்.