வலது ஓரம் வெட்டுப்பட்ட ரெஸ்யூம்: வேலைக் குறிப்பு

மார்ச் 4

ஒருவருடைய ஆங்கில ரெஸ்யூமை மீட்டு, மெருகேற்றித் தர வேண்டும். கையில் இருப்பது ஒரே ஒரு படம். 930 x 1600 பிக்சல். அச்சிட்ட ஏ4 தாளை போனில் எடுத்தது; வலது ஓரம் இல்லை. டைப் செய்த கோப்பும் இல்லை, அந்தத் தாளும் இப்போது அவரிடம் இல்லை. கேலரியில் மூலப்படம் இருக்கிறதா என்று கேட்டாயிற்று. இருந்தால் போட்டோவாக அல்லாமல் ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்ப வேண்டும். போட்டோவாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும்.

மார்ச் 5

மூலப்படமும் இதே அளவில்தான் வெட்டுப்பட்டிருக்கிறது. அப்படியானால் எவ்வளவு போயிருக்கிறது என்று அளந்துவிடலாம். முதலில் சாய்வை நேராக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவு தப்பும். மேலே பெயர் நடுவில் இருக்கிறது. அதன் மையம் 570-ஆவது பிக்சல். இடப்பக்க எழுத்து 90-இல் தொடங்குகிறது. நடுவிலிருந்து இடப்பக்கம் 480 என்றால் வலப்பக்கமும் 480. எழுத்து 1050 வரை போயிருக்க வேண்டும். படம் 930-இல் முடிகிறது. ஆக, 120 பிக்சல் காணோம். இந்த எழுத்தளவில் ஓர் எழுத்துக்குச் சுமார் 11 பிக்சல், எனவே வரிக்குப் பத்துப் பதினோரு எழுத்து.

இதனால்தான் தேதிகள் ஏமாற்றுகின்றன. வலப்பக்கம் ஒட்டி எழுதிய தேதியில் ‘ஜூன் 2019’ முழுதாகத் தெரிகிறது. சேர்ந்த தேதி மட்டும் போட்டிருப்பதாகத் தோன்றும். ஆனால் பின்னால் பதினோரு எழுத்துக்கு இடமிருக்கிறது: ஒரு கோடு, ஒரு மாதம், ஒரு வருடம்.

மார்ச் 6

எழுத்தைப் படித்தெடுக்க:

```
tesseract cv.png out -l eng --psm 4
```

தாள் அங்குலத்துக்குச் சுமார் 138 பிக்சல்தான். அதனால் படத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிய பிறகே ஓட்ட வேண்டும். பெரிதாக்கினாலும் போன எழுத்து திரும்பாது. ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட `d`, `c` ஆகவும், `m`, `n` ஆகவும் வரும். ஒவ்வொரு வரியின் கடைசிச் சொல்லையும் படத்தோடு வைத்துப் பார்க்காமல் விடக்கூடாது.

சொல் அறுந்திருந்தால் அடுத்த வரியை வைத்து நிரப்பலாம். எண்ணை அப்படி நிரப்பவே கூடாது. ‘மாதம் 40’ என்று நிற்கும் வரி 40 ஆகவும் இருக்கலாம், 400 ஆகவும் இருக்கலாம். தேதி, எண்ணிக்கை, மின்னஞ்சல் முகவரியின் வால் மூன்றையும் மஞ்சள் அடித்து அவருக்கு அனுப்பியாயிற்று. ‘சரிபாருங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் ‘சரி’ என்றுதான் பதில் வரும். ‘ஜூன் 2019-இல் சேர்ந்த வேலையை எந்த மாதம் விட்டீர்கள்?’ என்று கேட்க வேண்டும்.

மார்ச் 8

பதில் வந்தது: மார்ச் 2021. அடுத்த வேலை செப்டம்பரில்தான் தொடங்குகிறது. இரண்டையும் ஒட்டவைத்து ஊகித்திருந்தால் ஆறு மாத இடைவெளி மறைந்து பொய்யாகியிருக்கும். எண்ணும் 400-தான்.

இனிதான் மெருகேற்றல். ‘இருப்புப் பதிவேட்டுக்குப் பொறுப்பு’ என்ற வரி ‘மாதம் 400 பொருள்களின் இருப்பைச் சரிபார்த்துப் பதிந்தேன்’ என்று மாறியது. தேதிகளை ஸ்பேஸ் தட்டி நகர்த்தாமல், வலப்பக்க டேப் வைத்து நிறுத்தியாயிற்று. ஓரம் நான்கு பக்கமும் 2 செ.மீ. பிடிஎஃப் ஆக்கியதும் முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பார்த்ததில், தேதிகள் அந்தந்த வேலையின் வரியிலேயே நிற்கின்றன. அனுப்பியாயிற்று, வேர்டு கோப்பையும் சேர்த்து.