காதுக்குள் பூச்சி போன இரவு

இரவு 2 மணி இருக்கும். வலது காதுக்குள் ஏதோ பிறாண்டுவது போலிருந்து பதறி எழுந்தேன். சின்னப் பூச்சிதான், ஆனால் செவிப்பறையின் மேலேயே கால்கள் உரசுவதால் தலைக்குள் யாரோ இடிப்பது போலக் கேட்டது. அது அசையும்போதெல்லாம் உயிர் போகிற வலி.

கை தானாகவே காதுக்குப் போனது. என் மனைவி பிடித்து நிறுத்தினாள். "விரலை விடாதீங்க, இன்னும் உள்ளே போயிடும்." அவள் சொன்னது சரி. காதுக் குழாய் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் நீளம்தான். பட்ஸோ ஹேர்பின்னோ விட்டால் பூச்சி, குழாயின் முடிவில் இருக்கும் செவிப்பறையில்தான் போய் முட்டும். செவிப்பறையே கிழியலாம்.

டார்ச் அடித்தால் வெளியே வரும் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவள் வேண்டாம் என்றாள். கரப்பான் வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளிகிற பூச்சி. உள்ளே இருப்பது எது என்று எங்களுக்குத் தெரியாது.

பூச்சியை எடுப்பது டாக்டர் வேலை. அதன் அசைவை நிறுத்தினால் நமக்குப் போதும். அதற்கு எண்ணெய். ஆனால் ஊற்றும் முன் அவள் கேட்டாள்: "செவிப்பறையில் ஓட்டை, காதில் சீழ், ஆபரேஷன் ஏதாவது இருந்ததா? இப்ப ரத்தம் வருதா?" எதுவும் இல்லை. இருந்திருந்தால் ஒரு சொட்டும் விடக்கூடாது, நேரே டாக்டரிடம்தான். செவிப்பறையில் டாக்டர் சின்னக் குழாய் வைத்த குழந்தைகளுக்கும் அப்படியே. உள்ளே போனது பூச்சிதானா என்று தெரியாவிட்டாலும் ஊற்றக்கூடாது. பட்டன் பேட்டரியாக இருந்தால் ஈரம் பட்டு உள்ளே புண்ணாக்கிவிடும்.

இடது பக்கம் சாய்ந்து படுத்தேன். பேபி ஆயில் பாட்டிலை உள்ளங்கையில் வைத்து உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தாள். சில்லென்றோ சூடாகவோ விட்டால் தலை சுற்றும். காது மடலை மேலும் பின்னுமாக மெதுவாக இழுத்து (சின்னக் குழந்தைக்குக் கீழும் பின்னும்), குழாய் நிறையும் வரை சொட்டுச் சொட்டாக விட்டாள். முதல் அரை நிமிடம் பூச்சி இன்னும் வெறித்தனமாகத் துடித்தது. அதுதான் பொறுக்க முடியாத கட்டம், எழுந்து உட்காரத் தோன்றும். நான் அசையவில்லை. சில நிமிடத்தில் அடங்கியது, வலியும் சட்டென்று குறைந்தது.

அப்புறம் காதைக் கீழே கவிழ்த்தேன். எண்ணெய் மட்டும் வடிந்தது, பூச்சி வரவில்லை. நோண்டிப் பார்க்காமல் அப்படியே கிளினிக்குக்குப் போனோம்.

டாக்டர் கருவியால் உள்ளே பார்த்துக்கொண்டே சின்ன இடுக்கியால் எடுத்தார். குட்டிக் கரப்பான். பஞ்சில் வைத்துக் கால்களை எண்ணினார், ஐந்துதான் இருந்தன. ஒரு துண்டு தங்கினாலும் காது புண்ணாகும் என்று சொல்லி, மறுபடி காதுக்குள் பார்த்து ஆறாவதையும் எடுத்தார்.