‘ஆவணத்தில் உள்ளபடி’ என்று பதில் வராத கேள்வி

மதுரையை அடுத்த கப்பலூர் தொழிற்பேட்டையில் இரும்பு பீரோவும் மேசையும் செய்யும் சிறு நிறுவனம் ஒன்றில் டெண்டர் வேலைகளைப் பார்க்கிறேன். டெண்டர் ஆவணம் கைக்கு வந்ததும் மற்றவர்கள் விலையைப் பேசத் தொடங்குவார்கள். ஒரே விஷயத்தை ஆவணம் இரண்டு விதமாகச் சொல்லும் இடம் எங்கே என்றுதான் நான் முதலில் தேடுவேன். விலையில் பிசகினால் அந்த ஒரு டெண்டர் கைவிட்டுப் போகும், அவ்வளவுதான். முரண்பாட்டைக் கேட்காமல் விட்டால் கிடைத்த ஆர்டரே நஷ்டத்தில் முடியலாம்.

ஓர் அரசுத் துறை 200 பீரோக்களுக்கு டெண்டர் கோரியிருந்தது. தகட்டின் கனம் ‘0.8 மி.மீ. (22 கேஜ்)’ என்று இருந்தது. எங்கள் தொழிலில் புழங்கும் கேஜ் கணக்கில் 22 கேஜ் என்பது 0.71 மி.மீ. தான். 0.8 என்றால் ஏறத்தாழ 21 கேஜ். ஒரு சதுர மீட்டர் தகடு, ஒரு மி.மீ. கனத்துக்கு 7.85 கிலோ எடை வரும். ஆளுயர பீரோவுக்கு மடிப்புகளையும் சேர்த்து சுமார் ஒன்பது சதுர மீட்டர் தேவை. ஆக, பீரோ ஒன்றுக்கு ஆறு கிலோவுக்கு மேல் வித்தியாசம். கிலோ 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 200 பீரோவுக்கு 90,000 ரூபாயை நெருங்குகிறது.

முதலாளிக்குக் கேள்வி கேட்பதில் விருப்பமில்லை. “தம்பி, நாம் கேட்டால் பதில் எல்லோருக்கும் போய்விடுமே. 22 கேஜிலேயே விலை போடுவோம், பிறகு பார்த்துக்கொள்வோம்” என்றார். பதில் எல்லோருக்கும் போகும் என்பது உண்மைதான். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மை விதிகளின்படி, டெண்டர் திறப்பதற்கு 48 மணி நேரத்துக்கு முன்பு விளக்கம் கேட்டால் அலுவலர் பதில் தர வேண்டும். அதன் நகல், கேட்டவர் யார் என்பதைச் சொல்லாமல், ஆவணம் வாங்கிய அனைவருக்கும் போக வேண்டும். அதை நான் நமக்கு இழப்பாகப் பார்ப்பதில்லை. எல்லோரும் ஒரே தகட்டுக்கு விலை போட்டால்தான் எங்கள் விலையை நியாயமாக ஒப்பிட முடியும். ‘பிறகு’ என்று அவர் சொன்னது ஆய்வு நாளை. அன்று ஆய்வாளர் மைக்ரோமீட்டரோடு வந்து நிற்கும்போது பேரம் பேச இடமிருக்காது.

‘தகட்டின் கனம் குறித்துத் தெளிவுபடுத்தவும்’ என்று எழுதினால் ‘ஆவணத்தில் உள்ளபடி’ என்று ஒற்றை வரியில் பதில் வரும். அலுவலரைக் குறை சொல்ல முடியாது. கேள்வியே அந்த வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதனால் பக்க எண்ணும் பிரிவு எண்ணும் குறித்து, ஆவணத்தின் வரியை அப்படியே எடுத்தெழுதி, அதன் கீழே இப்படிக் கேட்டேன்: “0.8 மி.மீ., 22 கேஜ் ஆகிய இரண்டும் வெவ்வேறு கனங்கள். ஆய்வின்போது ஏற்கப்படும் குறைந்தபட்சக் கனம் மி.மீ. அளவில் எவ்வளவு? அது பவுடர் கோட்டிங்குக்கு முன் அளக்கப்படுமா, பின் அளக்கப்படுமா?”

இரண்டாவது பகுதிதான் இதில் உயிரானது. பவுடர் பூச்சு ஒரு பக்கத்துக்கு 50 மைக்ரான் என்றால் இரு பக்கமும் சேர்ந்து 0.1 மி.மீ. ஆகிவிடும். 0.71 தகடு பூச்சோடு 0.81 காட்டும். பூச்சின் மேல் அளந்தால் 22 கேஜும் தேறிவிடும். சுரண்டிவிட்டு அளந்தால் தேறாது. அந்த ஒரு வரிப் பதில் இல்லாமல் யாராலும் நேர்மையாக விலை சொல்ல முடியாது.

எந்தப் பதிலை விரும்புகிறோம் என்பதைக் கேள்வியில் காட்டவில்லை. ‘22 கேஜ் போதும் என்று கொள்ளலாமா?’ என்று கேட்டிருந்தால் எங்கள் விலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று போட்டியாளர்கள் ஊகித்திருப்பார்கள். பீரோக்களை ஒரே கிடங்கில் இறக்குவதா, உசிலம்பட்டி, மேலூர் என்று அலுவலகம் அலுவலகமாகக் கொண்டுபோய் மாடியேற்றித் தருவதா என்பதைத் தனி எண்ணிட்டு வேறு கேள்வியாக வைத்தேன். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் எளிதான ஒன்றுக்கு மட்டும் பதில் வரும்.

பிரிவு எழுத்தரைத் தொலைபேசியில் கேட்டிருந்தால் அன்றே பதில் கிடைத்திருக்கும். ஆனால் வாய்மொழிப் பதில் அவரையும் கட்டுப்படுத்தாது, துறையையும் கட்டுப்படுத்தாது. 48 மணி நேரம் கடைசி எல்லை மட்டுமே என்பதால் முதல் வாரத்திலேயே எழுத்தில் அனுப்பினேன். பதிலைப் பார்த்த பிறகுதான் தகட்டு வியாபாரியிடம் விலை கேட்க முடியும்.

பதில், திருத்த அறிவிப்பாகவே வந்தது. குறைந்தபட்சம் 0.8 மி.மீ., பூச்சு நீங்கலாக. வெவ்வேறு அலுவலகங்களில் இறக்க வேண்டும் என்பதால் போக்குவரத்துக்குத் தனி வரி சேர்த்த புதிய விலை அட்டவணையையும் இணைத்திருந்தார்கள். ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த பழைய அட்டவணையை அழித்துவிட்டு, புதியதில் 21 கேஜ் தகட்டின் விலையை வைத்துக் கணக்கை முதலிலிருந்து போட்டோம். திருத்த அறிவிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் முதலாளி கையெழுத்திட்டு முத்திரை வைத்தார். அதைத் தொழில்நுட்ப ஆவணங்களோடு சேர்த்துப் பதிவேற்றினேன்.