ஆறும் தேநீர்

மேசையில் வைத்த தேநீரின் ஆவி மெலிந்துவிட்டது. என்ட்ரோபியை ‘ஒழுங்கின்மை’ என்று சொல்லி முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சின்னக் கணக்கே போதும், அது பிடிபட்டுவிடும்.

தேநீர் 350 கெல்வின், அதாவது சுமார் 77 டிகிரி செல்சியஸ். அறை 300 கெல்வின். கோப்பையிலிருந்து 1000 ஜூல் வெப்பம் வெளியேறுகிறது. அதனால் தேநீரின் சூடு ஒரு டிகிரி அளவுக்கே இறங்கும். வெப்பத்தை வெப்பநிலையால் வகுத்தால் கிடைப்பது என்ட்ரோபி மாற்றம். தேநீர் இழந்தது 2.857, அறை பெற்றது 3.333. அதே வெப்பம்தான், ஆனால் வகுக்கும் எண் சிறியது! மொத்தத்தில் 0.476 ஜூல்/கெல்வின் கூடிவிட்டது.

அந்த வெப்பம் தானாகக் கோப்பைக்குத் திரும்பினாலும் ஆற்றல் கணக்கு உதைக்காது. மொத்த என்ட்ரோபிதான் குறையும். வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி மறிப்பது அதைத்தான். தேநீரின் என்ட்ரோபி மட்டும் குறையலாம், அறையையும் சேர்த்த கூட்டுத்தொகை குறையாது.