ஆவன செய்யவும்

ஜூன் 13 அன்று இரவுதான் அந்த எரர் முதலில் வந்தது. இங்கிலாந்தில் இருக்கும் கிளையன்ட் தினமும் இரவு ஒரு கோப்பு அனுப்புவார்கள். அன்றைய விற்பனை ரசீதுகள் அதில் இருக்கும். அதை எங்கள் சிஸ்டத்தில் ஏற்றிச் சரிபார்ப்பது சென்னையில் என் வேலை. சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஜூன் 1 முதல் அவர்கள் புதிய வடிவத்தில் கோப்பு அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். பன்னிரண்டு நாள் ஒரு சிக்கலும் இல்லை. பதின்மூன்றாம் நாள் கோப்பு ஏறவே இல்லை, தேதி தவறு என்றது சிஸ்டம்.

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை கிளையன்ட் பக்கத்துப் பெண்மணிக்கு மூன்றே வரியில் மெயில் அனுப்பினேன். முதல் வரி: ‘எரர் இஸ் கமிங் சின்ஸ் யெஸ்டர்டே இட்செல்ஃப்.’ இரண்டாவது: ‘ஐ ஹாவ் எ டவுட் இன் தி டேட் காலம்.’ மூன்றாவது, அப்போது நான் எழுதிய எல்லா மெயிலுக்கும் வாலாக இருந்த வரி: ‘ப்ளீஸ் டூ தி நீட்ஃபுல்.’

மதியமே பதில் வந்துவிட்டது. தேதிகள் நேராகக் கணக்குப் பேரேட்டிலிருந்து வருகின்றன, அவை சரியாகவே உள்ளன என்று ஒரே வரி. கொஞ்சம் காரம் இருந்தது. அதற்குப் பிறகு சத்தமே இல்லை. சனி, ஞாயிறு போய்த் திங்கள் காலையில், ஏறாத கோப்புகள் நான்கு சேர்ந்திருந்தன.

எங்கள் லீட் மெயிலைப் படித்துவிட்டு என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். “இதைத் தமிழ்ல சொல்லுப்பா. அவங்க என்ன செய்யணும்னு கேக்குற?” என்றார்.

“பாத்து சரி பண்ணணும்க்கா.”

“எதை?”

என்னிடம் பதில் இல்லை. வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. என்ன கேட்க வேண்டும் என்பதே எனக்குத் தெரியவில்லை. அதை மறைக்க ‘நீட்ஃபுல்’ ரொம்ப வசதியாக இருந்திருக்கிறது.

இந்தச் சொற்றொடரை நாம் கண்டுபிடிக்கவில்லை. பிரிட்டிஷார் தங்கள் கடிதங்களில் ஒரு காலத்தில் சாதாரணமாக எழுதிய ஆங்கிலம் இது. அங்கே வழக்கொழிந்துவிட்டது, இங்கே தங்கிவிட்டது. நமக்கு அது இயல்பாகத் தோன்றக் காரணம், தமிழில் அச்சாக அதே வாக்கியம் நம்மிடம் இருப்பது: ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ ஆவன என்றால் ஆக வேண்டியவை. தாசில்தாருக்கு மனு எழுதுபவர் இப்படி எழுதுவதில் பொருத்தம் இருக்கிறது. எந்தப் பிரிவுக்கு அனுப்பி என்ன உத்தரவு போட வேண்டும் என்று மனுதாரர் அதிகாரிக்குச் சொல்லித்தர மாட்டார். குறையைச் சொல்லிவிட்டு வழியை அவரிடம் விடுவதுதான் அங்கே மரியாதை. அந்த மரியாதையைச் சக ஊழியருக்கான மெயிலில் வைத்தால், படிப்பவருக்கு யார், எதை, எப்போதைக்குள் என்ற மூன்றும் கிடைக்காது. ‘கைண்ட்லி’ சேர்த்தாலும் கிடைக்காது. அதனால்தான் அதற்கு மாற்றாக ஒரு அழகான சொற்றொடரைத் தேடிப் பயனில்லை. ‘நீட்ஃபுல்’ இருந்த இடத்தில் உண்மையான வினைச்சொல் வர வேண்டும்: அனுப்புங்கள், உறுதிசெய்யுங்கள், அனுமதி கொடுங்கள். ‘குட் யூ ரீசெண்ட் தி ஃபைல் பை ஃபைவ்?’ என்று கேட்பதில் பணிவும் குறையவில்லை.

அடுத்து ‘டவுட்’. வகுப்பில் கையைத் தூக்கி “சார், ஒரு டவுட்” என்றுதானே வளர்ந்தோம்? தமிழில் சந்தேகம் என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. பாடத்தில் சந்தேகம் என்றால் புரியவில்லை என்று பொருள். ஆள்மேல் சந்தேகம் என்றால் நம்பவில்லை என்று பொருள். ஆங்கில ‘டவுட்’ பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்யும். ஆகவே என் இரண்டாவது வரி அந்தப் பெண்மணிக்கு, ‘உங்கள் தேதிகளை நான் நம்பவில்லை’ என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. காரம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. ‘ஐ ஹாவ் எ கொஸ்டின் அபவுட் தி டேட் காலம்’ என்றிருந்தால் போதும். அதைவிட மேல், முன்னறிவிப்பு இல்லாமல் கேள்வியையே கேட்டுவிடுவது.

கேள்வியைக் கேட்க வேண்டுமானால் கேள்வி என்னவென்று தெரிய வேண்டுமே. அக்கா கோப்பைத் திறக்கச் சொன்னார். ஜூன் 13 என்பது ‘13/06’ என்று வந்திருந்தது. எங்கள் சிஸ்டம் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. பதின்மூன்றாவது மாதம் ஏது? அதனால் எரர். அப்படியானால் முந்தைய பன்னிரண்டு நாள்? தேடிப் பார்த்தபோது வயிறு கலங்கியது. ஜூன் 1 ரசீதுகள் ஜனவரி 6 என்றும், ஜூன் 2 ரசீதுகள் பிப்ரவரி 6 என்றும், இப்படியே டிசம்பர் 6 வரை சத்தமில்லாமல் ஏறியிருந்தன. ஜூன் 6 மட்டும் தப்பித்தவறிச் சரியாக இருந்தது. எரர் காட்டியது நல்லது, காட்டாமல் ஏறியதுதான் ஆபத்து.

புது மெயிலில் இரண்டு விஷயம்தான் இருந்தது. புதிய கோப்பில் நாள் முதலில் வருகிறதா, மாதம் முதலில் வருகிறதா என்பதை இன்று மாலைக்குள் உறுதிசெய்ய முடியுமா? ஜூன் 1 முதல் 12 வரை நாங்கள் ஏற்றியதில் தேதி மாறியிருக்கிறது, உங்கள் பதில் வந்ததும் நாங்களே திருத்துகிறோம். இருபது நிமிடத்தில் பதில் வந்தது: நாள்தான் முதலில்.

முதல் வரியை மறந்துவிட்டேன் பாருங்கள். ‘எரர் வருது’ என்பது தமிழில் சரி. நமக்கு மழை, காய்ச்சல், கோபம், எரர் எல்லாமே வரும். ஆங்கிலத்தில் ‘கமிங்’ என்றால் இன்னும் வழியில் இருப்பது போல் ஆகிவிடும், அங்கே ‘வி ஹாவ் பீன் கெட்டிங் அன் எரர்’ என்பார்கள். ‘இட்செல்ஃப்’ இன்னும் சுவாரசியம். நேற்றே சொன்னேன், நேற்றுதான் அனுப்பினேன் என்பவற்றில் ஏகாரமும் ‘தான்’ என்பதும் செய்யும் வேலையை ஆங்கிலம் பெரும்பாலும் குரல் அழுத்தத்துக்கும் சொல் நிற்கும் இடத்துக்கும் விட்டுவிடுகிறது. நாமோ அந்த இடைச்சொற்களை விட மனமில்லாமல், நேற்றுக்குப் பின்னாலேயே ‘இட்செல்ஃப்’, ‘ஒன்லி’ என்று ஒட்டிவிடுகிறோம். நேற்றே சொன்னேன் என்பதற்கு ‘ஐ ஆல்ரெடி டோல்ட் யூ யெஸ்டர்டே’. நேற்றுதான் அனுப்பினேன் என்பதற்கு ‘ஐ ஒன்லி செண்ட் இட் யெஸ்டர்டே’. இரண்டாவதில் ‘ஒன்லி’ நேற்றை விட்டு வினைக்கு முன்னால் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். என் மெயிலில் அந்த ஏகாரத்துக்கு அவசியமே இருக்கவில்லை. ‘சின்ஸ் யெஸ்டர்டே’யோடு நிறுத்தியிருக்கலாம்.

இதையெல்லாம் தவறு என்று அடித்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சென்னையிலிருந்து புனே அலுவலகத்துக்கு ‘டவுட்’ என்று எழுதினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, அங்கேயும் அதே ஆங்கிலம்தான். மெயில் கடல் தாண்டும்போது மட்டும் நான் ஒருமுறை நின்று, இதில் அவர் செய்ய வேண்டிய வினை எது என்று விரல் வைத்துப் பார்க்கிறேன். சில நாள் விரல் வைக்க ஒன்றும் இருப்பதில்லை. அன்று மெயிலை அனுப்பாமல் கோப்பைத் திறக்கிறேன்.

போன மாதம் எங்கள் தெருவிளக்குக்காக மாநகராட்சிக்கு மனு எழுதினேன். கம்பத்தின் எண்ணையும் எத்தனை நாளாக எரியவில்லை என்பதையும் குறிப்பிட்டுவிட்டு, கடைசி வரியில் ‘ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்றுதான் முடித்தேன்.