லிங்க் பட்டியலில் "இங்கே கிளிக் செய்யவும்": டபிள்யூசிஏஜி 2.4.4-ம் 2.4.9-ம் செய்து பார்த்துப் படிப்பது எப்படி

வெப் அணுகல்தன்மைத் தேர்வுக்குப் படிப்பவர்கள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஜோடி, அணுகல்தன்மை விதித்தொகுப்பான டபிள்யூசிஏஜி-யின் 2.4.4-ம் 2.4.9-ம். முதலாவது அடிப்படையான ஏ நிலை, இரண்டாவது மிகக் கடுமையான ட்ரிபிள் ஏ. இரண்டுமே லிங்க் எங்கே கொண்டுபோகிறது என்று தெரியவேண்டும் என்றுதான் சொல்கின்றன. வித்தியாசத்தை மனப்பாடம் செய்வதைவிட, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. விண்டோஸ் கணினியும் இலவசமாகக் கிடைக்கும் NVDA-வும் போதும்.

பயிற்சிக்கு ஒரு சின்னப் பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். அதில் தேர்வு அறிவிப்புகள் நான்கு: ஹால்டிக்கெட், பாடத்திட்டம், விடைக்குறிப்பு, தேர்வு மையங்கள். நான்கு வரிகளும் இதே மாதிரி இருக்கட்டும்:

```html
<p>ஹால்டிக்கெட் பெற <a href="hall.pdf">இங்கே கிளிக் செய்யவும்</a></p>
```

பக்கத்தை பிரவுசரில் திறந்து NVDA+F7 அழுத்துங்கள். NVDA விசை என்பது வழக்கமாக Insert. Elements List என்ற பெட்டி திறக்கும். அதில் லிங்க், தலைப்பு, படிவப் புலம், பட்டன், லேண்ட்மார்க் என்று வகை மாற்றலாம். லிங்க் வகைக்கு Alt+K. இனி கீழ் அம்புக்குறியால் இறங்கிக் கேளுங்கள். "இங்கே கிளிக் செய்யவும்" என்று நான்கு முறை கேட்கும், அவ்வளவுதான். "ஹால்டிக்கெட் பெற" என்ற சொற்கள் <a>-க்கு வெளியே இருப்பதால் பட்டியலுக்குள் வரவே வராது. (ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடரைப் பயன்படுத்துவோருக்கு இதே பட்டியல் Insert+F7. மேக்கின் ஸ்கிரீன் ரீடரான வாய்ஸ்ஓவர் இயங்கும்போது Control+Option+U அழுத்தி, இடம் வலம் அம்புக்குறியால் லிங்க் வகைக்குப் போகவேண்டும்.)

இந்தப் பட்டியலை யாரும் மேலிருந்து கீழாகப் பொறுமையாகக் கேட்பதில்லை. 150 லிங்க் உள்ள பக்கத்தில் அது நடக்காது. ஒன்று, பட்டியலில் நின்றபடி முதல் எழுத்துகளைத் தட்டித் தாவுவார்கள். அல்லது டேப் தட்டி வடிகட்டும் பெட்டிக்குப் போய் ஒரு சொல்லின் பகுதியைத் தட்டுவார்கள். நம் பக்கத்தில் "ஹால்" என்று தட்டிப் பாருங்கள்: பட்டியல் காலி. ஹால்டிக்கெட் பக்கத்தில் இருக்கிறது, தேடியவருக்கோ இல்லை என்று பதில் வருகிறது. ஒவ்வொன்றையும் சரிபார்க்க, Move to பட்டனால் அந்த லிங்க் இருக்கும் இடத்துக்குப் போய், NVDA+மேல் அம்புக்குறியால் அந்த வரி முழுவதையும் கேட்டு, அதுவல்ல என்றால் மறுபடி NVDA+F7. கண்ணால் பார்ப்பவர் ஒரு நொடியில் முடிக்கும் வேலைக்கு இத்தனை சுற்று. இது நியாயமே இல்லை.

இப்போது விதிகளுக்கு வாருங்கள். இந்தப் பக்கம் 2.4.4-ல் தேறிவிடும்! அந்த விதி, லிங்க்கோடு அதே வாக்கியம், பத்தி, பட்டியல் உருப்படி போன்ற இடத்தில் உள்ள சொற்களையும் சேர்த்துப் பார்க்கிறது. "ஹால்டிக்கெட் பெற" அதே பத்தியில் இருக்கிறது. 2.4.9 லிங்க்கின் சொற்களை மட்டுமே பார்க்கும், அங்கே தோற்கும். லிங்க் பட்டியல் காட்டுவது அந்த இரண்டாவது பார்வையைத்தான். "ஏ நிலையில் தேறிவிட்டது" என்று விட்டுவிடும் பக்கங்கள்தான் பட்டியலில் காலை வாருகின்றன.

திருத்தம் எளிது:

```html
<p><a href="hall.pdf">ஹால்டிக்கெட் பதிவிறக்கம், பிடிஎப்</a></p>
```

இங்கே தமிழ் நமக்குக் கை கொடுக்கிறது. "ஹால்டிக்கெட் பதிவிறக்கம்" என்று பொருளின் பெயரே இயல்பாக முன்னால் வந்துவிடுகிறது, அதனால் முதல் எழுத்தால் தாவுவதும் வேலை செய்கிறது. "பதிவிறக்கம்: ஹால்டிக்கெட்" என்று திருப்பிப் போட்டால் நான்கும் "ப"-வில் தொடங்கி அந்த வசதி போய்விடும்.

வடிவமைப்பில் "மேலும் படிக்க" இருந்தே ஆகவேண்டும் என்றால், ஸ்கிரீன் ரீடருக்கு லிங்க்கின் பெயரைத் தரும் aria-label உண்டு. அது உள்ளிருக்கும் சொற்களோடு சேராது, அவற்றுக்குப் பதிலாக உட்காரும். எனவே கண்ணுக்குத் தெரியும் சொற்கள் அதிலும் அப்படியே இருக்கவேண்டும்:

```html
<a href="key.html" aria-label="மேலும் படிக்க: விடைக்குறிப்பு">மேலும் படிக்க</a>
```

"விடைக்குறிப்பு" என்று மட்டும் எழுதினால், திரையில் தெரிவதைச் சொல்லி குரலால் கிளிக் செய்பவருக்கு லிங்க் சிக்காமல் போகலாம், அது, கண்ணுக்குத் தெரியும் சொற்கள் பெயரிலும் இருக்கவேண்டும் என்னும் 2.5.3-ன் மீறல். மேலே உள்ளபடி எழுதினால் வடிகட்டல் வேலை செய்யும், முதல் எழுத்துத் தாவல் மட்டும் கிடைக்காது. title-ஐ நம்பவேண்டாம்: <a>-க்குள் சொற்கள் இருக்கும்வரை லிங்க்கின் பெயர் அந்தச் சொற்கள்தான். title-ல் விடைக்குறிப்பு என்று எழுதிவிட்டு NVDA+F7 அழுத்திப் பாருங்கள், பட்டியலில் "மேலும் படிக்க" மட்டுமே நிற்கும்.