'மிஸைல்' எந்தப் பட்டியலில் சேரும்?

சிங்கப்பூரில் உளவியல் இறுதியாண்டு ஆய்வேட்டுக்குச் சொல்லறிதலை எடுத்துக்கொள்ளும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்தது மாஸ்க்ட் பிரைமிங்: ஒரு சொல்லைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மின்னவிட்டு, அடுத்த சொல்லுக்கான பதில் வேகமாகிறதா என்று பார்க்கும் முறை. முழு ஆய்வையும் இங்கே விவரிக்கப் போவதில்லை. எனக்கு ஆறு வாரம் பிடித்த ஒரே ஒரு பகுதியைச் சொல்கிறேன். அது சொற்பட்டியல்.

உயர்நிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் பகுபதம், பகாப்பதம் படித்திருப்பீர்கள். பகுதி, விகுதி என்று பிரிக்க முடிந்தால் பகுபதம், முடியாவிட்டால் பகாப்பதம். இந்த ஆய்வின் கணக்கில் 'புதுமை' பகுபதம்: புது, மை. 'எருமை'யைப் பாருங்கள். எரு என்றொரு சொல் இருக்கிறது, மை என்றொரு விகுதியும் இருக்கிறது. ஆனாலும் எருமைக்கும் எருவுக்கும் இலக்கண உறவு கிடையாது. பகுபதம் போல வேடமிட்ட பகாப்பதம் அது. கண் அந்தச் சொல்லைப் பார்த்த முதல் சில மில்லிவினாடிகளில், பொருள் தெரிவதற்கு முன்பே, மூளை அதை எரு, மை என்று வெட்டிப் பார்க்கிறதா? ஆய்வின் கேள்வி இதுதான்.

ஆங்கிலத்தில் இதே வேடம் போடும் சொல் 'கார்னர்'. மூலைக்கும் சோளத்துக்கும் தொடர்பில்லை. ஆனால் எழுத்தில் 'கார்ன்' முழுதாக உள்ளே இருக்கிறது, மீதி 'இ-ஆர்' ஒரு விகுதி. 2004-இல் ராஸ்டில், டேவிஸ், நியூ மூவரும் வெளியிட்ட ஆய்வைத்தான் இந்தத் துறையில் எல்லோரும் முதலில் படிப்பார்கள். முதலில் திரையில் ஹேஷ் குறிகள் வரும். பிறகு சிறிய எழுத்தில் ஒரு சொல் 42 மில்லிவினாடி மட்டும் மின்னும், அது பிரைம். உடனே பெரிய எழுத்தில் டார்கெட் வரும். அது உண்மையான சொல்லா இல்லையா என்று பங்கேற்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். பிரைம் வந்துபோனதே பெரும்பாலோருக்குத் தெரியாது. ஆனாலும் தொடர்புள்ள பிரைம் முன்னால் வந்திருந்தால் பதில் கொஞ்சம் வேகமாக வருகிறது.

```
prime     target   type
cleaner   CLEAN    true
corner    CORN     pseudo
brothel   BROTH    form
```

முதல் வரி உண்மையான விகுதி கொண்டது. இரண்டாவது போலி. மூன்றாவதில் தலைப்பகுதி சொல்தான், ஆனால் மீதி 'இ-எல்' விகுதி இல்லை, வெறும் எழுத்துதான். அவர்கள் கண்ட வேகம் இந்த வரிசையில் 27, 22, 4 மில்லிவினாடி. போலிச் சொல் உண்மையான சொல்லின் பக்கத்தில் நிற்கிறது, மூன்றாவது தனியாகக் கீழே கிடக்கிறது.

இந்த முடிவு முழுவதும் மூன்றாவது வரியின்மேல்தான் நிற்கிறது. அந்த 22 மட்டும் கையில் இருந்தால் எதுவும் சொல்ல முடியாது. நான்கு எழுத்து ஒத்திருந்ததால் வந்த வேகம் என்று யாரும் தள்ளிவிடலாம். அதே அளவு எழுத்து ஒத்திருந்தும் விகுதி இல்லாதபோது வேகம் வரவில்லை என்று காட்டினால்தான் 'வெட்டியது விகுதியைப் பார்த்துத்தான்' என்று வாதிட முடியும். நான் முதலில் எல்லா உழைப்பையும் இரண்டாவது பட்டியலில் போட்டேன். மூன்றாவதை ஒரே மாலையில் உட்லண்ட்ஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நிரப்பிவிட்டேன். அங்கேதான் தவறு.

என் மூன்றாவது பட்டியலில் 'மிஸைல்' இருந்தது. 'மிஸ்' ஒரு சொல், மீதி 'ஐ-எல்-இ' வெறும் எழுத்து என்று நினைத்திருந்தேன். மேற்பார்வையாளர் ஒரே கேள்வி கேட்டார்: "இன்ஃபன்டைல் என்ற சொல்லில் அது என்ன?" குழந்தையைக் குறிக்கும் 'இன்ஃபன்ட்' உடன் அதே மூன்று எழுத்து சேர்ந்து பெயரடை ஆகிறது. அப்படியானால் அது விகுதி. மிஸைல் இரண்டாவது பட்டியலுக்குரிய சொல், நான் வைத்ததோ அதைச் சோதிக்கும் பட்டியலில். இப்படி ஐந்தாறு சொற்கள் நுழைந்தாலே மூன்றாவது பட்டியலின் வேகம் ஏறும், இரண்டாவதற்கும் அதற்கும் உள்ள இடைவெளி சுருங்கும். முடிவு வந்த பிறகு 'மூளை வெட்டவில்லை' என்று எழுதியிருப்பேன். உண்மையில் வெட்டாமல் விட்டது நான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மீதியையும் சொல் கோப்பில் தேடினேன்.

```
grep -E 'ile$' words.txt
```

வரும் வரிகளில் அந்த எழுத்துகளை நீக்கினால் உருப்படியான சொல் மிஞ்சுகிறதா, அந்தச் சொல்லோடு பொருள் தொடர்பு இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு சொல்லிலாவது இரண்டும் இருந்தால் அந்த மீதியை மூன்றாவது பட்டியலில் வைக்க வேண்டாம். 'ஸ்பினச்', 'கேஷ்யூ', 'டர்னிப்' எல்லாம் தப்பித்தன.

அடுத்து, ஒத்திருக்கும் எழுத்தின் பங்கு. கார்னரில் ஆறு எழுத்துக்கு நான்கு, அதாவது 0.67. பிராத்தலில் ஏழுக்கு ஐந்து, 0.71. ஸ்பினச்சில் ஏழுக்கு நான்கு, 0.57 தான். மூன்றாவது பட்டியல் முழுவதும் ஸ்பினச் மாதிரி நிறைந்தால் 'இங்கே எழுத்து ஒப்புமையே குறைவு' என்று தேர்வாளர் கேட்பார், கேட்பதும் நியாயம். ஒவ்வொரு சொல்லையும் சரிசெய்ய முடியாது. பட்டியலின் சராசரி ஒத்துவந்தால் போதும். டார்கெட்டின் நீளம், புழக்கம், ஓரெழுத்து மாற்றினால் கிடைக்கும் அண்டைச் சொற்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் அப்படியே பாருங்கள். ஒவ்வொரு டார்கெட்டையும் அதனோடேயே ஒப்பிட வேண்டும் என்பதால், தொடர்பில்லாத பிரைம் ஒன்றும் தேவை. பாதிப் பேர் கார்னருக்குப் பின் கார்னைப் பார்ப்பார்கள், மீதிப் பேர் தொடர்பில்லாத சொல்லுக்குப் பின் பார்ப்பார்கள். ஒரே ஆள் ஒரு டார்கெட்டை இருமுறை பார்க்கக் கூடாது. சொல்லல்லாத டார்கெட்டுகளுக்கும் விகுதியுள்ள பிரைம்களைக் கொடுங்கள். இல்லையென்றால் விகுதி வந்தாலே பதில் 'சொல்' என்றாகிவிடும்.

திரையைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 2004 ஆய்வில் 42 என்று இருந்ததால் நானும் சைக்கோபை நிரலில் 0.042 என்று போட்டேன். எங்கள் ஆய்வகத் திரை 60 ஹெர்ட்ஸ். அதில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவினாடி, எனவே 33 காட்டலாம் அல்லது 50 காட்டலாம், 42 காட்டவே முடியாது. நான் 42 என்று எழுதிக்கொண்டு 50 காட்டிக்கொண்டிருந்தேன். ஒத்திகைக்கு வந்த தோழி "சின்ன எழுத்தில் ஏதோ வருதே" என்று சொன்னபோதுதான் சந்தேகம் வந்தது. அதன்பின் நேரத்தை விட்டுவிட்டு ஃபிரேம்களை எண்ணினேன்.

```
win.recordFrameIntervals = True
for i in range(3):
    prime.draw()
    win.flip()
```

ஆய்வேட்டிலும் மூன்று ஃபிரேம், 50 மில்லிவினாடி என்றே எழுதினேன். ஓட்டம் முடிந்ததும் `win.nDroppedFrames` மதிப்பைப் பாருங்கள். தவறிய ஃபிரேம் அதிகமென்றால் அந்த ஆளின் தரவில் பிரைம் எவ்வளவு நேரம் தெரிந்தது என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. தோழிக்கு எழுத்து தெரிந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஹேஷ் குறிகள் ஐந்து, சில பிரைம்களோ ஏழெழுத்து. இடப்பக்கம் ஒட்டி வைத்திருந்ததால் மறைப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தவை கடைசி இரண்டு எழுத்துகள், அதாவது விகுதியேதான். மிக நீளமான பிரைமின் அளவுக்கு மறைப்பை வையுங்கள்.

பகுப்பாய்வில் பலர் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. இரண்டாவது பட்டியலில் வேகம் புள்ளியியல்படி உறுதியாகிறது, மூன்றாவதில் ஆகவில்லை, ஆகவே இரண்டும் வேறு என்று எழுதிவிடுவார்கள். அது போதாது. 22 பூச்சியத்திலிருந்து வேறுபடுவது ஒரு கேள்வி, 22 நான்கிலிருந்து வேறுபடுவது இன்னொரு கேள்வி. உங்கள் வாதத்துக்கு வேண்டியது இரண்டாவது, அதற்கு இடைவினையைச் சோதிக்க வேண்டும்.

```
lmer(invRT ~ related * type + (1|subj) + (1|item))
```

இதை வாய்மொழித் தேர்விலும் கேட்டார்கள். கூடவே, இந்த முடிவை எல்லோரும் ஏற்கிறார்களா என்றும் கேட்டார்கள். ஏற்கவில்லை. 2009-இல் ஃபெல்ட்மனும் உடன் ஆய்வாளர்களும், இவ்வளவு குறுகிய நேரத்திலும் பொருள் தொடர்புள்ள சொல்லுக்கே கூடுதல் வேகம் என்று காட்டினார்கள். 2013-இல் ஆண்ட்ரூஸ், லோ இருவரும் ஆளுக்கு ஆள் மாறுகிறது என்றார்கள்: எழுத்துக்கூட்டலில் வலுவானவர்களிடம் கார்னரும் கிளீனரும் ஒன்று போல வேலை செய்தன, சொல்வளத்தில் வலுவானவர்களிடம் கிளீனர் முந்தியது. வீட்டில் ஒரு மொழி, பள்ளியில் ஒரு மொழி என்று வளர்ந்த நம்மூர் மாணவர்களை வைத்துச் செய்யும்போது இது மிக முக்கியம் என்று நினைக்கிறேன். எழுத்துக்கூட்டல் தேர்வு ஒன்று, சொல்வளத் தேர்வு ஒன்று, இரண்டையும் அமர்வின் கடைசியில் சேர்த்துவிடுங்கள். நான் சேர்க்கவில்லை. என் சராசரிக்குள் இந்த இரு வகை ஆட்களும் கலந்து கிடக்கிறார்கள், இப்போது பிரிக்க வழியில்லை.

சென்ற மாதம் ஒரு தங்கை கேட்டாள்: "அக்கா, இதைத் தமிழ்ல செய்யலாமா?" செய்யலாம், ஆனால் வேற்றுமை உருபுகள் பக்கம் போகாதே என்றேன். 'கடலை' போலிச் சொல் மாதிரி தெரியும், ஆனால் 'கடலைப் பார்த்தேன்' என்னும்போது அது உண்மையாகவே கடல், ஐ. 'பாலை'யும் அப்படியே. அதோடு 'ல்' என்ற எழுத்து 'லை' ஆகிவிடுவதால் பகுதி முழு வடிவில் கண்ணில் படுவதும் இல்லை. வெட்டு ஓர் எழுத்தின் நடுவில் விழுகிறது. 'மை' விகுதி பரவாயில்லை: புதுமை–புது, எருமை–எரு, ஒப்பிட 'கரும்பு–கரு'. பகுதி உயிரோசையில் முடிந்து விகுதி மெய்யில் தொடங்குவதால் எழுத்து குலையாமல் நிற்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. ஆகவே பிரைமையும் டார்கெட்டையும் வேறு வேறு எழுத்துருவில், வேறு அளவில் காட்ட வேண்டும். இல்லையென்றால் அதே வடிவம் அதே இடத்தில் இருமுறை விழும், கிடைத்த வேகம் சொல்லால் வந்ததா வடிவத்தால் வந்ததா என்று தெரியாது.

இரண்டு நாள் கழித்து அவள் ஒரு சொல் அனுப்பினாள்: "தீமை எங்க போகும்? தீ, மை." சொல்லின் வேர் தெரிந்தவருக்குத் 'தீய' என்பதன் அடி அங்கே இருக்கிறது, அப்போது அது புதுமை போல உண்மையாகவே பிரியும் சொல். மற்றவருக்கு அது நெருப்பு, அப்போது போலி. அதை நீயோ நானோ முடிவு செய்யக் கூடாது என்றேன். ஆய்வில் பங்கேற்காத இருபது பேரிடம் சொற்சோடியைக் கொடுத்து, பொருள் தொடர்பு எவ்வளவு என்று ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண் போடச் சொல். புதுமையும் எருமையும் இரு முனைகளில் நிற்கும். தீமை நடுவில் நின்றால் எந்தப் பட்டியலிலும் சேர்க்காமல் எடுத்துவிடு.